மதச் சீர்திருத்தக் காலவரிசை: அட்டையா, கட்டமா, சங்கிலியா?

அன்புள்ள கயல்,

மதச் சீர்திருத்தப் பாடத்தின் ஆண்டுகளை அட்டையில் எழுதிப் படிப்பதா, பெரிய தாளில் கட்டம் போடுவதா, கதை மாதிரி காரணங்களைச் சங்கிலியாகக் கோர்த்துப் படிப்பதா என்று கேட்டிருந்தாய். கைடில் அச்சடித்த காலக்கோடே போதாதா என்றும் கேட்டாய். நான்குமே பயன்படும், ஆனால் ஒவ்வொன்றும் பயன்படும் இடம் வேறு. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடித்தளம் கட்டம், ஐந்து மதிப்பெண் வினாவுக்குச் சங்கிலி, ஒரு மதிப்பெண்ணுக்கும் கடைசி நேரத்துக்கும் அட்டை. உனக்கு மூன்று வாரம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு மாறும். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இந்தப் பாடத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே நாட்டில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இங்கே ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, ரோம் என்று நான்கு இடங்களில் ஒரே சமயத்தில் நடக்கிறது. பாடப்புத்தகமோ லூதரை முடித்துவிட்டு ஸ்விங்லிக்கும் கால்வினுக்கும் போகும், பிறகு இங்கிலாந்து, கடைசியில் கத்தோலிக்க எதிர்ச் சீர்திருத்தம். ஒவ்வொரு தலைப்பிலும் ஆண்டு மறுபடி 1510களுக்கோ 1520களுக்கோ பின்னால் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் சபை கூடியது இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி இறந்த பிறகுதான் என்று பலர் எழுதிவிடுவதற்குக் காரணம் இந்த வரிசைதான். அது புத்தகத்தில் பின்னால் வருகிறது, காலத்தில் அல்ல.

அதனால் ஒரு முறை நல்லதா என்று பார்க்க நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்வேன்.

முதலாவது, எது முன், எது பின் என்பது தெரிகிறதா? இரண்டாவது, ஓர் இடத்தில் ஒன்று நடந்தபோது பக்கத்து நாட்டில் என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறதா? மூன்றாவது, ஏன் நடந்தது என்று எழுத முடிகிறதா? நான்காவது, தயாரிக்கவும் திருப்பிப் பார்க்கவும் எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். தேர்வு அறையில் ஓர் ஆண்டு மறந்துபோனால், தெரிந்த மற்றவற்றை வைத்து அதை மீட்டெடுக்க முடிகிறதா?

எந்த முறையை எடுத்தாலும் முதலில் ஆண்டுகளைச் சலித்துக்கொள். பாடத்தில் வரும் எல்லா ஆண்டுகளையும் எழுதினால் நாற்பதைத் தாண்டிவிடும். சுமார் இருபது போதும். உன் பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் வருபவை, பயிற்சி வினாக்களில் வருபவை, இரண்டு இடங்களை இணைப்பவை ஆகியவற்றை மட்டும் எடு.

## கைடில் அச்சடித்த காலக்கோடு

இதற்குத் தயாரிக்கும் நேரம் கிடையாது. முன்பின் வரிசை தெளிவாக இருக்கும். பாடத்தை முதல்முறை படித்து முடித்ததும் மொத்தத்தையும் ஒரு பார்வை பார்க்க நன்றாக உதவும்.

ஆனால் இதைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், மூடிவிட்டு எழுதினால் பாதிகூட வராது. கண் ஓடுவதும் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் வெவ்வேறு வேலைகள். தேர்வில் கேட்பது இரண்டாவதை. இன்னொரு குறை, இவற்றில் பெரும்பாலும் எல்லாமே ஒரே கோட்டில் இருக்கும். 1527, 1529, 1531 என்று அடுத்தடுத்து இருப்பவற்றில் எது ரோம், எது ஜெர்மனி, எது சூரிச் என்பது கண்ணில் படாது. கைடின் ஆண்டும் பாடப்புத்தகத்தின் ஆண்டும் வேறுபட்டால் பாடப்புத்தகத்தையே எடுத்துக்கொள்.

## அட்டை

ஏ4 அளவுள்ள கெட்டித் தாளை எட்டாக வெட்டினால் கைக்கு அடக்கமான அட்டை வரும். மூன்று தாள் இருந்தால் இருபது ஆண்டுகளுக்கும் போதும். முன்பக்கம் நிகழ்ச்சியும் இடமும், பின்பக்கம் ஆண்டு. இடத்தை எழுதாமல் விடாதே. "ஆக்ஸ்பர்க்" என்று மட்டும் எழுதிய அட்டை உன்னைக் கவிழ்த்துவிடும், ஏனென்றால் அந்தப் பெயர் இந்தப் பாடத்தில் இரண்டு முறை வருகிறது. 1530ல் லூதரன் தரப்பு தன் நம்பிக்கை அறிக்கையைப் பேரரசரிடம் கொடுத்தது அங்கேதான், 1555ல் சமாதானம் ஆனதும் அங்கேதான்.

பெரும்பாலானவர்கள் அட்டையை ஒவ்வொன்றாகத் திருப்பி ஆண்டைச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கட்டைக் கலைத்து ஐந்து அட்டைகளை எடு. ஆண்டைப் பார்க்காமல் தரையில் முன்பின்னாக வரிசைப்படுத்து. பிறகு திருப்பிப் பார். தவறிய அட்டைகளுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு புள்ளி வை. மூன்று புள்ளி விழுந்த அட்டையை மறுபடி மறுபடி பார்ப்பதில் பயன் குறைவு. அந்த நிகழ்ச்சியே உனக்குப் புரியவில்லை என்று பொருள், பாடத்துக்குத் திரும்பிப் போ. எழுதிய நாள், மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள் என்று இடைவெளி விட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கலைக்காமல் படிப்பதுதான் அட்டையில் நடக்கும் பெரிய தவறு. வோர்ம்ஸ் அட்டைக்கு அடுத்து எப்போதும் விவசாயிகள் போர் வந்தால், நீ படிப்பது வரலாற்றை அல்ல, கட்டின் அடுக்கை. அடுக்கு கலைந்ததும் நினைவும் கலையும்.

அட்டையால் முடியாதது என்னவென்றால், ஒவ்வொரு ஆண்டும் தனித்து நிற்கும், ஒன்று போனால் அதை மீட்டுத் தர இன்னொன்று வராது. 1529, 1530, 1531 மூன்றும் ஒன்றோடொன்று மாறிப்போகும். 1529ல் ஸ்பேயர் சபையில் லூதரை ஆதரித்த சிற்றரசர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், புராட்டஸ்டண்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை. 1531ல் ஸ்விங்லி கப்பெல் போரில் இறந்தார். எதிர்ப்பு, பிறகு தங்கள் நம்பிக்கை இன்னதென்று எழுத்தில் கொடுப்பது என்று யோசித்தால் முதல் இரண்டும் தானாக வரிசையில் நிற்கும். ஆனால் அந்த யோசனை அட்டையில் இல்லை.

## நான்கு பத்திக் கட்டம்

ஒரு முழு சார்ட் தாளோ, ஒட்டிய இரண்டு ஏ4 தாளோ எடுத்துக்கொள். செங்குத்தாக நான்கு பத்தி: ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, ரோம். குறுக்கே காலத்தை ஐந்து பட்டைகளாகப் பிரி. பட்டைகளைப் பத்துப் பத்து ஆண்டாகச் சமமாக வெட்டாதே, நிகழ்ச்சிகள் திரும்பும் இடத்தில் வெட்டு. நிரப்பினால் இப்படி இருக்கும்:

| காலம் | ஜெர்மனி | சுவிட்சர்லாந்து | இங்கிலாந்து | ரோம் |
|---|---|---|---|---|
| 1517–1521 | 1517 லூதரின் 95 கருத்துரைகள். 1521 வோர்ம்ஸ் சபை | 1519 ஸ்விங்லி சூரிச்சில் போதிக்கத் தொடங்குகிறார் | 1521 லூதரை எதிர்த்து எழுதிய ஹென்றிக்குப் போப் பட்டம் தருகிறார் | 1521 பத்தாம் லியோ லூதரைத் திருச்சபையிலிருந்து நீக்குகிறார் |
| 1524–1531 | 1524–25 விவசாயிகள் போர், 1529 ஸ்பேயர், 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை | 1531 ஸ்விங்லி மரணம் | 1527 ஹென்றி மணவிலக்குக் கோருகிறார் | 1527 பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடுகிறது |
| 1534–1541 | 1534 லூதரின் முழு ஜெர்மன் விவிலியம் | 1536 கால்வினின் நூல். 1541 ஜெனீவாவுக்குத் திரும்புகிறார் | 1534 மேலாதிக்கச் சட்டம். 1536 மடங்கள் கலைப்பு தொடக்கம் | 1534 லயோலாவின் குழு உறுதிமொழி. 1540 இயேசு சபைக்கு ஒப்புதல் |
| 1545–1555 | 1546 லூதர் மரணம். 1547 மூல்பர்க் போர். 1555 ஆக்ஸ்பர்க் சமாதானம் | | 1547 ஹென்றி மரணம். 1549 பொது வழிபாட்டு நூல். 1553 மேரி அரசி | 1545 ட்ரெண்ட் சபை தொடக்கம் |
| 1558–1564 | | 1564 கால்வின் மரணம் | 1558 எலிசபெத். 1559 மதத் தீர்வு | 1563 ட்ரெண்ட் சபை முடிவு |

இதை அப்படியே நகல் எடுக்காதே. இருபது ஆண்டுகள் என்று சொன்னேன், இதில் அதற்கு மேல் இருக்கிறது. உன் புத்தகத்தில் இல்லாதவற்றை அடித்துவிட்டு நீயே நிரப்பு. பாடத்தைப் புரட்டிப் பார்த்து நிரப்ப இரண்டு மணி நேரம் பிடிக்கும். கட்டத்தின் விலை அதுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரமே ஒரு ரிவிஷன்.

இனி குறுக்கே படி. 1521 பட்டையில் போப் லூதரை நீக்குகிறார், அதே ஆண்டு அக்டோபரில் அதே போப் ஹென்றிக்கு "நம்பிக்கையின் காவலர்" என்ற பட்டம் தருகிறார். இந்த இரண்டையும் அருகருகே பார்த்தவர், லூதரின் கருத்தை ஏற்றதால் ஹென்றி ரோமைவிட்டுப் பிரிந்தார் என்று ஒருபோதும் எழுத மாட்டார். 1534 பட்டையும் அப்படித்தான். லூதர் விவிலியத்தை முடிக்கிறார், ஹென்றி திருச்சபைக்குத் தலைவராகிறார், பாரிஸில், பிறகு இயேசு சபையைத் தொடங்கிய லயோலாவும் தோழர்களும் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒரே ஆண்டை நினைவில் வைத்தால் மூன்று பத்திக்குக் கால் ஊன்றிவிடலாம். 1545 டிசம்பரில் ட்ரெண்ட் கூடுகிறது, 1546 பிப்ரவரியில் லூதர் இறக்கிறார், 1547 ஜனவரியில் ஹென்றி இறக்கிறார். ட்ரெண்ட் ஹென்றிக்கு முன்பா பின்பா என்ற குழப்பம் இங்கே தீர்ந்துவிடும்.

வெற்றுக் கட்டங்களும் பேசும். மேலே ஜெர்மனிப் பத்தியில் 1521க்கும் 1529க்கும் இடையில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனி. வோர்ம்ஸில் லூதரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தவர் ஏன் பிடிக்கவில்லை? பிரான்சோடு போர், கிழக்கே துருக்கியர், ஸ்பெயினில் ஆட்சி. அவர் ஜெர்மனிக்குத் திரும்பியது 1530ல், ஆக்ஸ்பர்க் சபைக்கு. அந்த இடைவெளியில்தான் லூதரின் இயக்கம் சிற்றரசர்களின் நிழலில் வேர்விட்டது. ஐந்து மதிப்பெண் வினாவில் இந்த ஒரு வரி எழுதினால் விடையின் தரமே மாறும்.

ரோம் பத்தியில் நமக்கு நெருக்கமான ஓர் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இயேசு சபையின் முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சேவியர் 1542ல் கோவாவுக்கு வந்தார், அதே ஆண்டு முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களுக்கும் வந்தார். சபைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே சேவியர் இங்கே வந்து சேர்ந்தார். எனவே ஒப்புதல் 1542க்கு முன்பு, லயோலாவின் உறுதிமொழிக்குப் பின்பு. 1540 மறந்தாலும் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது. ஐந்தாவது கேள்வி என்று சொன்னேனே, மீட்டெடுப்பது, அது இதுதான்.

திருப்பிப் பார்க்கும் முறை: வெறும் கட்டத்தை நோட்டில் வரை, பார்க்காமல் நிரப்பு, பிறகு சார்ட்டோடு ஒப்பிட்டு விடுபட்டதைச் சிவப்பில் எழுது. முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆகும், நான்காம் முறை பத்தில் முடியும். எப்போதும் மேலிருந்து கீழே நிரப்பினால் இதிலும் அடுக்கு மனப்பாடமாகிவிடும். ஒரு நாள் பத்தி பத்தியாக, மறுநாள் பட்டை பட்டையாக நிரப்பு.

கட்டத்தில் வரும் ஆபத்து அடைப்பது. ஒரு கட்டத்தில் மூன்றுக்கு மேல் போனால் கண் படிக்காது. வண்ணப் பேனாவும் தலைப்பு அலங்காரமும் இன்னொரு விரயம், அதில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

தேர்வில் காலக்கோடு வரையச் சொன்னால் கட்டத்தைக் கோடாக மாற்றத் தெரிய வேண்டும். 1500 முதல் 1570 வரை, ஒரு செ.மீ.க்கு 5 ஆண்டு என்று அளவு எடுத்தால் 14 செ.மீ. வரும், விடைத்தாளின் அகலத்துக்குள் அடங்கும். 1517 என்பது 3.4 செ.மீ.யில், 1534 என்பது 6.8ல், 1555 என்பது 11ல், 1563 என்பது 12.6ல். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆண்டிலிருந்து 1500ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் போதும். 1517க்கும் 1521க்கும் இடையே 0.8 செ.மீ. மட்டுமே இருப்பதால் எழுத்து மோதும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்தைக் கோட்டுக்கு மேலே, இங்கிலாந்து, ரோமைக் கீழே எழுதினால் இடம் கிடைக்கும். அளவு என்ன என்பதை ஓரத்தில் குறிப்பிட மறக்காதே.

## காரணச் சங்கிலி

இதில் ஆண்டை எழுதாமல் "அதனால்", "ஆனால்", "அதற்குள்" என்ற சொற்களால் நிகழ்ச்சிகளைக் கோர்க்கிறோம், ஆண்டைப் பிறகு ஓரத்தில் போடுகிறோம். இங்கிலாந்துக்கு ஒரு சங்கிலியை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன், அதில்தான் இந்த முறையின் பலமும் பலவீனமும் நன்றாகத் தெரியும்.

எட்டாம் ஹென்றிக்கும் காதரினுக்கும் பிழைத்த குழந்தை மேரி ஒருத்திதான், ஆண் வாரிசு இல்லை. அதனால் இந்தத் திருமணம் முதலிலிருந்தே செல்லாது என்று அறிவிக்கும்படி ஹென்றி போப்பிடம் கேட்கிறார் (1527). காதரின் முன்பு தன் அண்ணனின் மனைவி என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அதே 1527 மே மாதத்தில் பேரரசர் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது, போப் ஏழாம் கிளமெண்ட் கோட்டைக்குள் அடைபட்டார். காதரின் சார்லஸுக்குச் சித்தி, அவர் தாயின் தங்கை. அதனால் சார்லஸின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த போப்பால் "சரி" என்று சொல்ல முடியவில்லை, ஹென்றியைப் பகைக்க மனமில்லாததால் இழுத்தடித்தார். அதனால் இந்த வழக்கின் பொறுப்பில் இருந்த கார்டினல் வுல்சி பதவி இழந்தார் (1529). அதற்குள் ஆன் போலின் கருவுற்றார், ஹென்றி அவரை மணந்தார் (1533 ஜனவரி). அதனால் பிறக்கும் குழந்தை சட்டப்படியான வாரிசாக இருக்க, வழக்கு ரோமுக்குப் போகாமல் இங்கிலாந்திலேயே முடிய வேண்டும். ரோமுக்கு மேல்முறையீடு செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது, பேராயர் கிரான்மர் முதல் திருமணத்தைச் செல்லாது என்றார் (1533). செப்டம்பரில் எலிசபெத் பிறந்தார். மறு ஆண்டு மேலாதிக்கச் சட்டம் அரசரைத் திருச்சபையின் தலைவர் என்று அறிவித்தது (1534).

இப்போது 1534 மறந்துபோனது என்று வைத்துக்கொள். எலிசபெத்தின் பிறப்பு 1533, சட்டம் அதற்குப் பின்பு. மடங்கள் கலைப்பு 1536, தலைவரான பிறகுதான் மடத்தில் கை வைக்க முடியும், ஆகவே சட்டம் அதற்கு முன்பு. 1534 அல்லது 1535 என்ற இடத்துக்கு வந்துவிட்டாய். லூதரின் விவிலியம், லயோலா என்று கட்டத்தின் 1534 பட்டை நினைவுக்கு வந்தால் முடிவும் செய்துவிடலாம்.

ஐந்து மதிப்பெண் விடை ஏறத்தாழ இதே வாக்கியங்கள்தான், தனியாக எதையும் தயாரிக்க வேண்டாம். ஒரு சங்கிலிக்கு முக்கால் மணி நேரம் போதும். பாடத்துக்கு மூன்று சங்கிலி: லூதர் 1517 முதல் 1521 வரை, ஹென்றி 1527 முதல் 1534 வரை, ஜெர்மனி 1530 முதல் 1555 வரை. கால்வினுக்குச் சங்கிலி தேவையில்லை, கட்டமே போதும்.

சங்கிலியின் மறைந்திருக்கும் ஆபத்து பொய்யான "அதனால்". கோர்க்கும் ஆசையில் தொடர்பு இல்லாததையும் கோர்த்துவிடுவோம். "லூதரை எதிர்க்க லயோலா இயேசு சபையைத் தொடங்கினார்" என்பது அடிக்கடி பார்க்கும் வரி. 1534ல் அந்தக் குழு எடுத்த உறுதிமொழி ஏழ்மை, கற்பு, எருசலேமுக்குப் போவது, அது முடியாவிட்டால் போப் சொல்லும் பணியைச் செய்வது என்பதுதான். எதிர்ச் சீர்திருத்தத்தின் பெரும் பலமாக அந்தச் சபை ஆனது பிறகு. அதே போல் 1555 சமாதானம் எல்லாப் புராட்டஸ்டண்டுகளுக்கும் உரிமை தந்தது என்று எழுதுவார்கள். சிற்றரசரின் மதமே அவர் நாட்டின் மதம் என்ற அந்த ஏற்பாட்டில் இடம் கிடைத்தது கத்தோலிக்கத்துக்கும் லூதரனியத்துக்கும் மட்டும். கால்வினியத்துக்கு ஏற்பு கிடைக்க 1648 வெஸ்ட்பாலியா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே ஒவ்வொரு "அதனால்" எழுதும்போதும் அதற்கான வரி புத்தகத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார். இல்லையென்றால் "பிறகு" என்று மாற்று.

இன்னொரு குறை, சங்கிலி வரிசையைத் தரும், இடைவெளியைத் தராது. லூதர் கருத்துரைகள் எழுதினார், போப் நீக்கினார், ட்ரெண்ட் கூடியது என்று சங்கிலியில் அடுத்தடுத்து வரும். உண்மையில் 1517க்கும் 1545க்கும் இடையே 28 ஆண்டு. சபை கூட்டினால் தங்கள் அதிகாரம் குறையுமோ என்று போப்புகள் தயங்கினார்கள், சார்லஸும் பிரான்சும் ஓயாமல் போரிட்டார்கள். 1544ல் அவர்களுக்குள் சமாதானம் ஆன பிறகே வழி திறந்தது. ட்ரெண்டும் 18 ஆண்டு தொடர்ந்து நடந்த ஒரே கூட்டம் அல்ல, நடுவில் நீண்ட இடைவெளிகளோடு மூன்று கட்டமாக நடந்தது.

## ஒரே பார்வையில்

| | கைடு | அட்டை | கட்டம் | சங்கிலி |
|---|---|---|---|---|
| முன்பின் வரிசை | தெரியும், தங்காது | நன்றாக வரும் | நன்றாக வரும் | ஓர் இடத்துக்குள் மட்டும் |
| ஒரே காலத்தில் நடந்தவை | இல்லை | இல்லை | மிக நன்றாக | சிறிது |
| காரணம் | இல்லை | இல்லை | குறிப்பு கிடைக்கும் | மிக நன்றாக |
| தயாரிக்க | எதுவுமில்லை | ஒரு மணி | இரண்டு மணி | ஒன்றுக்கு முக்கால் மணி |
| திருப்பிப் பார்க்க | 5 நிமிடம் | 10 நிமிடம் | 10–25 நிமிடம் | 10 நிமிடம் |
| மறந்ததை மீட்க | முடியாது | முடியாது | பெரும்பாலும் முடியும் | முடியும் |

## உன்னிடம் எத்தனை நாள் இருக்கிறது

மூன்று வாரம் இருந்தால் முதல் வாரத்தில் கட்டத்தைப் போட்டு இரண்டு முறை வெறும் தாளில் நிரப்பு. இரண்டாம் வாரம் மூன்று சங்கிலிகளை எழுது. எழுதும்போது கட்டத்தில் எந்தப் பட்டையைத் தொடுகிறாய் என்று பார்த்துக்கொள். மூன்றாம் வாரம் கட்டத்தில் அடிக்கடி சிவப்பு விழுந்த ஆண்டுகளுக்கு மட்டும் அட்டை எழுது. இருபது அட்டை எழுத வேண்டியிருக்காது, ஏழெட்டில் முடியும். அட்டையை முதலில் எழுதத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் விரயம், தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் கட்டமும் ஹென்றியின் சங்கிலியும். லூதர் பகுதி நீளமாக இருந்தாலும் ஒரே நேர்க்கோட்டில் போவதால் கட்டத்திலேயே நின்றுவிடும். காரணமும் இடமும் பின்னிக் கிடப்பது இங்கிலாந்துப் பகுதிதான்.

மூன்று நாள் என்றால் முழுக் கட்டம் வேண்டாம். 1517, 1521, 1527, 1534, 1536, 1540, 1545, 1555, 1558, 1563 ஆகிய பத்து ஆண்டுகளை மட்டும் நான்கு பத்தியில் போடு. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வெறும் தாளில் எழுது.

ஒரே மாலை என்றால் கைடைப் பார்த்து அந்தப் பத்து ஆண்டுகளுக்கு அட்டை எழுது, கலைத்து வரிசைப்படுத்து. ஒரு மதிப்பெண் வினாக்களை அது காப்பாற்றும். காரணம் கேட்கும் வினாவை அதனால் காப்பாற்ற முடியாது, அதைத் தெரிந்துகொண்டே செய்.

உன் ஆசிரியர் காலக்கோடு வினாவை விட்டுவிட்டு விளக்க வினாக்களையே அதிகம் கொடுப்பவர் என்றால் சங்கிலிகளை முதல் வாரத்துக்குக் கொண்டு வந்துவிடலாம். ஆனாலும் குறைந்தபட்சம் அந்தப் பத்து ஆண்டுக் கட்டத்தையாவது முதலில் போட்டுக்கொள். இல்லாவிட்டால் பொய்யான "அதனால்"களைப் பிடிக்க உன்னிடம் எதுவும் இருக்காது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்குப்படி புத்தாண்டு மார்ச் 25ல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகளுக்குப் பழைய ஆவணங்களில் ஓர் ஆண்டு குறைவாக இருக்கும். ஹென்றியின் மரணம் எங்காவது 1546 என்று கண்ணில் பட்டால் குழம்பாதே, புத்தகத்தில் உள்ள 1547ஐயே எழுது.

வெறும் கட்டத்தை முதல்முறை நிரப்பியதும் அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தாமல் அப்படியே. எந்தப் பத்தியில் சிவப்பு அதிகம் என்று பார்த்து, எந்தச் சங்கிலியை முதலில் எழுதுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா